சிறுகதை: கிழிக்காத தேதி (நானே எழுதினது, திட்டினாலும் பரவால்ல, படிச்சிட்டு திட்டுங்க)

வெண்ணாத்தங்கரை எழுதியது:

ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, மொத தடவையா ஒரு கதை போடுறேன். பாதி எங்க வீட்டுல நடந்தது, பாதி சேத்தது. எது எதுன்னு கேக்காதீங்க.

மலருக்கு டொரண்டோல ராத்திரி பத்தரை, நீடாமங்கலம் பக்கத்து ஊர்ல அம்மாவுக்கு காலைல ஒம்பது மணி. கார்த்திகை மழை விட்டு விட்டு பெய்யுது, கரண்டு போயி போயி வருது. அம்மா வீடியோ கால்ல இடது கைய தூக்காமலே பேசுறத பாத்துதான் மலருக்கு சந்தேகம் வந்துச்சு.

"கைக்கு என்னம்மா?"

"கைக்கு ஒண்ணுமில்லடி. விலாவுல என்னமோ பூச்சி ஊந்துன மாதிரி. நேத்துதான் வந்துச்சு, போயிரும்."

காட்டுன்னா காட்ட மாட்டேங்குது. கடைசில ரவிக்கைய கொஞ்சம் தூக்கி போன அங்க கொண்டு போனா, ஒரே செவப்பு, ஆடுது, கலங்குது, நிக்குது. மலர் அத அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கும்பகோணத்துல இருக்குற தோழியோட அக்கா, தோல் டாக்டர், அவங்களுக்கு அனுப்பிட்டா. அஞ்சு நிமிசத்துல பதில் வந்துச்சு: "இது தோலோட செவப்பா, இல்ல மேல ஏதாச்சும் பூசியிருக்காங்களா?"

"அம்மா, என்ன பூசின?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம், "வேளார் தெரு தாத்தா வந்து அக்கி எழுதிட்டு போனாருடி. காவிதான். சிங்கம் எழுதியிருக்காரு, குளுகுளுன்னு இருக்கு."

மலருக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. ஈரத்துண்ட வச்சு தேய்ச்சு தொடைன்னு சொன்னா. அம்மா முனகிக்கிட்டே தொடைச்சிச்சு. அப்பறம் அம்மாவே செல்பி எடுத்து அனுப்பிச்சு, கால் மணி நேரம் அதுக்கு. பாத்தா தோல் வழவழன்னு சினிமாக்காரி மாதிரி இருக்கு. முன் கேமராவுல அழகு பண்ணுறது ஆன்ல கெடந்துருக்கு, கொப்புளத்தையெல்லாம் அது மெழுகி விட்டுருச்சு. டாக்டர் திரும்ப கேக்குறாங்க, இது வலப்பக்கமா இடப்பக்கமா? போட்டோவுல வலப்பக்கம் மாதிரி இருக்கு. அம்மா எடம்னு சொல்லுது. மலர் போட்டோவ பெருசு பண்ணி பாத்தா, பின்னாடி செவுத்துல தொங்குற தினசரி காலண்டர்ல எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பியிருக்கு. அப்ப எடப்பக்கம்தான்.

"சரிம்மா, வீடியோ கால கட் பண்ணு. வெறும் கால்ல வா, ஸ்பீக்கர்ல போடு. இப்ப கேமராவ தொற. பின்னாடி கேமரா. லென்ச மொதல்ல முந்தானைல தொடை."

"அதுல மஞ்சப்பொடி ஒட்டியிருக்குடி."

"அதான் தொடைக்க சொல்றேன்."

முத்தத்துக்கு போனா வெளிச்சம் இருக்கு, ஆனா மாடி வீட்டுலேந்து தெரியும்னு அம்மா வர மாட்டேங்குது. பேரம் பேசி, தாழ்வாரத்துல முத்தத்த பாத்த மாதிரி ஒக்காறதுன்னு முடிவாச்சு. போன நெல்லு அளக்குற மரக்கால் மேல சாச்சு வச்சு, பத்து செகண்டு டைமர் போட்டு, அம்மா ஸ்டூல்ல திரும்பி ஒக்காந்துச்சு. மொத ரெண்டு போட்டோல தூண் மட்டும் இருந்துச்சு. மூணாவதுல அம்மா பாதி. ஆறாவதுல முதுகு, விலா, எல்லாம்.

தோள்பட்டை எலும்புக்கு கீழ ஆரம்பிச்சு, விலாவ சுத்தி மாருக்கு அடில வரைக்கும், ஒரு பட்ட மாதிரி. கொத்து கொத்தா கொப்புளம். அத Documentஆ அனுப்ப வச்சா.

டாக்டர் எழுதுனாங்க: "முதுகுல இருக்குற கொப்புளமெல்லாம் சீழ் மாதிரி கலங்கிருச்சு. முன்னாடி மட்டும்தான் தெளிவா புதுசா இருக்கு. நேத்து வந்ததுன்னா சொன்னாங்க?"

மலர் அந்த செல்பிய மறுபடி தொறந்தா. காலண்டர்ல தேதிய திருப்பி படிச்சா. புதன்கிழமை. இன்னிக்கு ஞாயித்துக்கெழம. அப்பா இருந்தவரைக்கும் காப்பி குடிச்சதும் தேதி கிழிக்கிறது அப்பா வேலை, அப்பறம் அம்மா ஒரு நாள் விட்டதில்ல.

"அம்மா, நீ ஏன் தேதி கிழிக்கல?"

"மழையா இருந்துச்சுடி" அப்படின்னுச்சு அம்மா.

பூவரசு எழுதியது:

அய்யோ அந்த மரக்கால். எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு, சில்லற போட்டு வைக்க மட்டும்தான் இப்ப. கதை நல்லாருக்குங்க, கடைசி வரி நெஞ்ச பெசஞ்சிருச்சு.

எங்க மாமனாருக்கு போன வருசம் கால்ல இப்படித்தான் செவந்து செவந்து மேல ஏறுச்சு, வயல்ல சேத்துல நின்னு கால்ல வெடிப்பு, அதுல கிருமி போயிருக்கு. எங்க வீட்டுக்காரரு துபாய்லேந்து ஃபோன்ல சொன்னாரு, பால்பாயிண்ட் பேனாவால செவப்பு முடியுற ஓரத்துல கோடு போட்டு பக்கத்துல மணி எழுதுங்கன்னு. சாயந்தரம் பாத்தா கோட்ட தாண்டி நாலு விரக்கடை மேல ஏறியிருக்கு, காய்ச்சல் வேற. உடனே தூக்கிட்டு ஓடிட்டோம். உங்க கதையில மலர் அந்த மாதிரி கோடு போட சொல்லியிருக்கலாமே?

மன்னை மைனர் எழுதியது:

பிரதர் எந்த போன் அம்மாகிட்ட? எட்டாயிரம் ரூபா போன்னா மேக்ரோ சரியா வராது. 50 மெகாபிக்சல் உள்ள போனா வாங்கி குடுங்க, இந்த பிரச்சனையே இல்ல. பட்ஜெட் சொன்னா மாடல் சொல்றேன்.

வெண்ணாத்தங்கரை எழுதியது:

மைனர் சார், நான் சிஸ்டர், பிரதர் இல்ல. போன் நல்ல போன்தான், கை நடுங்குதே அதுக்கு என்ன மாடல் இருக்கு?

பூவரசு, பேனா கோடு நல்ல யோசனையா தெரியுது, ஆனா கொப்புளத்துக்கு மேல எப்படி போடுறது?

ஓபி சிஸ்டர் எழுதியது:

தோல் ஓபில பத்தொம்பது வருசம் ஒக்காந்தவ நான், அதனால கதைய கதையா படிக்க முடியல, மன்னிச்சிருங்க. ஒரு எடத்துல பகீர்னுச்சு. ஈரத்துண்ட வச்சு *தேய்ச்சு* தொடைன்னு மலர் சொல்றா பாருங்க, அது தப்பு. காவி காஞ்சு கொப்புளத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், தேய்ச்சா கொப்புளத்தோட மேல்தோலும் சேந்து உரிஞ்சு வந்துரும், அப்பறம் அது புண்ணு, டாக்டருக்கும் கொப்புளம் எப்படி இருந்துச்சுன்னு தெரியாது. வெதுவெதுப்பான தண்ணில மெல்லிசு துணிய நனைச்சு பத்து நிமிசம் மேல போட்டு வச்சா தானா ஊறி வந்துரும். வராதத விட்டுரணும். நான் சொன்னா, முழுசா கழுவக்கூட வேணாம், ரெண்டு மூணு கொப்புளம் தெரிஞ்சா போதும்.

பூவரசு சொன்ன பேனா கோடு உங்க மாமனாருக்கு ரொம்ப சரி, அது ஒரே செவப்பா ஓரத்தோட பரவுறது, கோடு தாண்டுனா இன்னும் பரவிக்கிட்டு இருக்குன்னு தெரியும். அக்கி அப்படி பரவாது. இங்க ஒரு கொத்து, நாலு விரக்கடை தள்ளி இன்னொரு கொத்து, நடுவுல சுத்தமான தோல். கோடு எங்க போடுவீங்க? அதுக்கு பதிலா தெனம் ஒரே எடத்துல ஒக்கார வச்சு, ஒரே தூரத்துல ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, போட்டோ. ஸ்க்ரீன்ஷாட் வேலைக்காவாதுன்னு கதையில வந்துருச்சு, சரி. ஆனா எல்லாரும் கிட்டக்க போறதுதான் முக்கியம்னு நெனச்சு லென்ச தோல்ல ஒட்டி வச்சு எடுத்து அனுப்புறாங்க, மேகம் மாதிரி இருக்கும். அக்கிக்கு மொத போட்டோ தூரத்துலேந்து வேணும், முதுகுத்தண்டு முழுசா தெரியுற மாதிரி. ஏன்னா அது தண்டு கோட்டுல வந்து நின்னுடும், அடுத்த பக்கம் பொதுவா தாண்டாது. அந்த ஒரு போட்டோவுலயே பாதி முடிவாயிரும். அப்பறம் ஒரு ஜாண் தூரத்துலேந்து ஒண்ணு, கொப்புளத்துமேல விரலால தொட்டு ஃபோகஸ் வந்தப்பறம். அந்த கதையில ஆறாவது போட்டோல முதுகு முழுசும் வந்துச்சே, அதனாலதான் அந்த டாக்டர் அவ்வளவு உறுதியா சொல்லியிருப்பாங்க.

வெளிச்சத்துக்கு தாழ்வாரம் சரியான எடம். வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா கொப்புளம் ஒவ்வொண்ணுக்கும் சின்னதா நெழல் விழும், உப்பியிருக்கா தட்டையா இருக்கான்னு தெரியும். ஃப்ளாஷ் போட்டா நெழல கொன்னுரும், தோல் வெள்ளையா பளபளக்கும். நம்ம மாநிறத்துக்கும் கருப்புக்கும் செவப்பு செவப்பா தெரியாது, ஊதாவா இல்ல கரும்பழுப்பா தெரியும், அதனால நெறத்த விட உப்பல்தான் முக்கியம்.

கடலமுட்டாய் எழுதியது:

கதை ஓகே. ஆனா முடிவு லாஜிக் இடிக்குது. அக்கிக்கு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், அது தாண்டுனா வேஸ்ட். புதன்லேந்து ஞாயிறுன்னா நாலு நாள் ஆச்சு. அப்ப அந்த டாக்டர் போட்டோ கேட்டதே தண்டம், மலர் ராத்திரி முழிச்சதும் தண்டம். அப்பறம் அக்கி தொத்து வியாதி இல்ல, யாருக்கும் பரவாது, அதனால பக்கத்து வீட்டு ஆள கூப்ட்டு போட்டோ எடுக்க சொல்லியிருக்கலாம், எதுக்கு மரக்கால்.

ஓபி சிஸ்டர் எழுதியது:

கடலமுட்டாய், பாதி சரி. 72 மணின்றது நெசம்தான், ஆனா எப்பலேந்து எண்ணுறோம்ன்னு பாருங்க. தோல்ல தடிப்பு வந்த நேரத்துலேந்து எண்ணணும், வலி வந்த நேரத்துலேந்து இல்ல. அக்கில ஒண்ணு ரெண்டு நாளு முன்னாடியே, சில பேருக்கு நாலஞ்சு நாளு முன்னாடியே வெறும் வலியா இருக்கும், தோல்ல ஒண்ணுமே இருக்காது. வாயுப்பிடிப்புன்னு தைலம் தேய்ப்பாங்க, நெஞ்சு வலின்னு ஈசிஜி எடுத்துட்டு வந்தவங்களையும் பாத்துருக்கேன். அந்தம்மா தேதி கிழிக்காம விட்டது வலி ஆரம்பிச்ச நாளா இருக்கலாம், கொப்புளம் அதுக்கப்பறம் வந்துருக்கலாம். காலண்டர் அத சொல்லாது.

ரெண்டாவது, 72 தாண்டுனாலும் புதுக் கொப்புளம் வந்துக்கிட்டே இருந்தா எங்க டாக்டருங்க மாத்திரை குடுப்பாங்க. கதையில முன்பக்கம் தெளிவா புதுசா இருக்குன்னு வருது பாருங்க, அது சும்மா வர்ற வரி இல்ல.

தொத்துறதும் பாதிதான். அக்கிக்காரங்ககிட்டேந்து அக்கி வராது. ஆனா அந்த கொப்புளத்து தண்ணி பட்டா, அம்மை போட்டிருக்காத ஆளுக்கு சின்னம்மை வரும். அது ரெண்டும் ஒரே கிருமி, சின்ன வயசுல வந்த அம்மை உள்ள தூங்கிக்கிட்டு இருந்து பிற்காலத்துல அக்கியா எழுந்திரிக்குது. அதனால மாசமா இருக்குற மருமக, கைக்கொழந்தை, இவங்கள பொருக்கு கட்டுற வரைக்கும் தள்ளி வைக்கணும். சின்ன வயசுல அம்மை போட்டு எழுந்த பக்கத்து வீட்டம்மா போட்டோ எடுத்தா ஒண்ணும் ஆவாது, துணியால மூடிக்கிட்டா போதும்.

வேளார் பேரன் எழுதியது:

வணக்கம். கதையில ஒரு தாத்தா வர்றாரு பாருங்க, எங்க தாத்தாவும் அதேதான், திருவாரூர் பக்கம். அக்கி எழுதுறத நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துருக்கேன், காவிய கல்லுல ஒரசி தண்ணில கரைச்சு, கோழி எறகால எழுதுவாரு, விரல் படாது. கொப்புளத்த தொட்டு ஒடைச்சா திட்டுவாரு. சிஸ்டர் சொல்ற அதே விசயம்தான், அவரு வார்த்தையில. எரிச்சல் அடங்குதுன்னு ஜனங்க சொல்றது பொய்யில்ல.

ஆனா ஒண்ணு, கண்ணுகிட்ட, நெத்தில, மூக்கு நுனில வந்தா எழுத மாட்டாரு. "இது என் வேல இல்ல, பஸ் ஏறு"ன்னு தொரத்துவாரு. ஏன்னு நான் கேட்டதில்ல.

மலருக்கு சிரிப்பு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் வலிச்சிச்சுங்க.

ஓபி சிஸ்டர் எழுதியது:

உங்க தாத்தா பெரிய ஆளுங்க. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு, மூக்கு நுனில கொப்புளம்னா கண்ணும் மாட்ட வாய்ப்பு அதிகம்னு அர்த்தம், அன்னிக்கே கண் டாக்டர பாக்கணும், போட்டோ எடுத்துக்கிட்டு ஒக்காரக்கூடாது. எங்க ஓபிக்கு காவியோட வர்றவங்கள நாங்க திட்டுறதில்ல. காவி எரிச்சல அடக்கலாம், ஆனா கிருமிய கொல்லாது. எழுதி முடிச்சு மூணு நாள் குளிக்காம காத்திருக்குறதுலதான் மாத்திரைக்கு உள்ள நேரம் போயிருது. எழுதுங்க, எழுதிட்டு அன்னிக்கே மருந்துக்கும் போங்க. ஆனா ஒரு போட்டோ எடுத்துட்டு எழுத சொல்லுங்க.

வெண்ணாத்தங்கரை எழுதியது:

வேளார் பேரன், மன்னிச்சிருங்க. அந்த சிரிப்பு கோவத்துல வந்தது. இத்தன ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துல இருந்தா யார் மேலயாவது கோவம் வருது. அடுத்த தடவ திருத்தும்போது அத எடுத்துர்றேன்.

சம்பா நாத்து எழுதியது:

எல்லாரும் அக்கின்னே பேசுறீங்க, ஏங்க அது பூச்சியா இருக்கக்கூடாதா? அந்தம்மாவே பூச்சி ஊந்துனதுன்னு சொல்லுது. மழை காலத்துல வயலோரத்து வீடுகள்ல லைட்டுக்கு ஒரு பொடி பூச்சி வரும், எறும்பு மாதிரி, செவப்பும் கருப்புமா. தோல்ல ஒக்காந்தத தூக்கத்துல நசுக்கிட்டா அதோட ரசம் பட்டு மறுநாள் காலைல கோடு கோடா எரிஞ்சு கொப்பளிக்கும். எங்க வீட்டுல சம்பா நடவு முடிஞ்ச சீசன்ல வருசா வருசம் யாருக்காவது வரும், எனக்கு கழுத்துல வந்துச்சு, தழும்பு போக ரெண்டு மாசம்.

ஓபி சிஸ்டர் எழுதியது:

நல்ல கேள்வி, இந்த சீசன்ல எங்களுக்கே தடுமாத்தம் வரும். அந்த பூச்சி தொறந்து கெடக்குற எடத்துலதான் அதிகம், கழுத்து, மொகம், கை. முழங்கை மடிப்புல பட்டா மடக்கும்போது ரெண்டு பக்கமும் ஒண்ண பாத்து ஒண்ணு அச்சு விழுந்துருக்கும். ராத்திரி படுத்து காலைல எழுந்தா ஒரேயடியா இருக்கும், முன்னாடி வலி இருக்காது. அப்பறம் உங்களுக்கு கோடு நரம்பு போற வழிய பாக்காம இஷ்டத்துக்கு போயிருக்குமே?

சம்பா நாத்து எழுதியது:

ஆமா, கழுத்துலேந்து தாடை வரைக்கும் கோணலா. சரி அது வேற இது வேற. ஆனா கதையில வலிய பத்தி ஒரு வார்த்தை இல்ல, கை தூக்காதத தவிர.

வெண்ணாத்தங்கரை எழுதியது:

உண்மை, விட்டுட்டேன். நெசத்துல அம்மா ரெண்டு நாள் "முதுக யாரோ பழுக்க காய்ச்சுன கம்பியால இழுக்குற மாதிரி"ன்னு சொன்னது, நான் கேக்காம விட்டதும் நெசம்தான். அப்ப நான் "தைலம் போடு"ன்னு சொல்லிட்டு வேலைக்கு போயிட்டேன். அத எழுத முடியல.

பூவரசு எழுதியது:

எழுதுங்க. அதுதான் கதை.

இன்னொரு விசயம், சிரிக்காதீங்க. எங்க நாத்தனா இந்த மாதிரி போட்டோவ டாக்டருக்கு அனுப்புறேன்னு குடும்ப குரூப்புல போட்டுடுச்சு, நாப்பத்தி மூணு பேரு. அழிக்கிறதுக்குள்ள பெரியப்பா "என்னம்மா இது மேப்பா"ன்னு கேட்டாரு.

கடலமுட்டாய் எழுதியது:

😂 சரி, 72 மணி விசயத்துல நான் தப்பு, ஒத்துக்குறேன். ஆனா காலண்டர் பத்தி சிஸ்டர் சொன்னது சரின்னா, கதையோட முடிவே விழுந்துருது. தேதி நின்னது கொப்புளம் வந்த நாள் இல்லன்னா மலருக்கு என்ன தெரிஞ்சிச்சு?

பூவரசு எழுதியது:

அம்மா எந்த நாள்லேந்து முடியாம கெடக்குன்னு தெரிஞ்சிச்சு. டாக்டருக்குத்தான் கொப்புள கணக்கு. மகளுக்கு வேற கணக்கு.

கடலமுட்டாய் எழுதியது:

அத ஏத்துக்கலாம், ஆனா டாக்டர் கேள்விக்கு உடனே பதில் மாதிரி வச்சதுதான் குழப்பம். நான் இன்னும் அத ஓட்டைன்னுதான் சொல்வேன்.

மன்னை மைனர் எழுதியது:

சாரி சிஸ்டர், கதைய இப்பதான் முழுசா படிச்சேன். நான் மேலோட்டமா பாத்துட்டு பதில் போட்டுட்டேன். வலது இடது மேட்டர்ல ஒண்ணு, பல போன்ல கேமரா செட்டிங்ஸ்ல Mirror selfieனு இருக்கும், அத ஆஃப் பண்ணுனா திரும்பாது. அழகு பண்ணுறதையும் ஒரு தடவ ஆஃப் பண்ணி வச்சுருங்க, இல்லன்னா அடுத்த தடவையும் மெழுகும். இதுக்கு புது போன் வேணாம் 🙂

வெண்ணாத்தங்கரை எழுதியது:

நன்றி மைனர், நாளைக்கு அம்மாகிட்ட கால்ல பண்ண வைக்கிறேன், ஒரு மணி நேரம் ஆவும்.

சிஸ்டர், ஒரு கேள்வி, கதைக்கு இல்ல. பொருக்கெல்லாம் உதிந்து ஒரு மாசமாச்சு. மாத்திரை ஏழு நாளும் சாப்ட்டாங்க, ஒரு நாளைக்கு அஞ்சு தடவைன்னு அலாரம் வச்சு நானே இங்கேந்து எழுப்புனேன். தோல்ல இப்ப ஒண்ணுமில்ல, லேசா கருத்த தழும்பு. ஆனா பொடவ படுற எடம் எரியுதாம், ரவிக்க போட முடியலயாம், ராத்திரில நைட்டியத்தான் போடுது. போட்டோ அனுப்ப சொன்னா "என்னத்த எடுக்குறது, வெறும் தோலுதானே"ங்குது.

ஓபி சிஸ்டர் எழுதியது:

அது தோல் வலி இல்லங்க, நரம்பு வலி. போட்டோவுல தெரியாது, காவியும் கேக்காது, வயசானவங்களுக்கு மாசக்கணக்குல நிக்கிறதும் உண்டு. அதுக்கு வேற மாத்திரை இருக்கு, தூக்கம் வரும், தல சுத்தும், கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவாங்க, அதனால நேர்ல போயி காட்டிதான் ஆரம்பிக்கணும். கிட்னி, சுகர் எல்லாம் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்ல சொல்லுங்க. தனியா இருக்காங்கன்றதையும் சொல்லுங்க, ராத்திரி எழுந்திரிக்கும்போது தல சுத்தி முத்தத்துல விழுந்துரப் போறாங்க.

இப்ப பருத்தி துணி, லூசா. ரவிக்க வேணாம்னா வேணாம்.

வெண்ணாத்தங்கரை எழுதியது:

சரிங்க. செவ்வாக்கெழம கும்பகோணம் கூட்டிட்டு போக பக்கத்து வீட்டு அத்தாச்சி ஒத்துக்கிச்சு. காலண்டர் தெனமும் கிழிக்குதான்னு தெனம் கேக்குறேன், கிழிக்குதாம்.

கடலமுட்டாய் எழுதியது:

வீடியோ கால்ல பாத்தீங்களா, இல்ல வாய்ல சொன்னதா?